ஒரு தட்டில் அழிவது

அறிவிப்புப் பலகையில் நான்காம் மேசைக்கு நேரே ‘93 சதவீதம், தேறவில்லை’ என்று ஒட்டியிருந்தார்கள். நான்காம் மேசை மின்னலுடையது. அவள் அதை மூன்று தடவை படித்தாள். முதல் தடவை, வேறு யாருடைய வரியையோ பார்க்கிறோம் என்று நினைத்தாள். இரண்டாம் தடவை மேசை எண்ணைச் சரிபார்த்தாள். மூன்றாம் தடவை கோபம் வந்தது. அதற்கப்புறம் கொஞ்சம் நிம்மதியாகவே இருந்தது. கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மின்னல் என்பது விரல் வேகத்துக்காக வந்த பட்டப்பெயர். அவள் வேலை பார்ப்பது காது கேளாதவர்களுக்காகப் பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கித் தரும் நிலையத்தில். மருத்துவர் நோயாளியிடம் பேசுவார், ஆசிரியர் வகுப்பெடுப்பார், அதிகாரி விசாரிப்பார். அவர்கள் பேசுவது நிலையத்தின் இரண்டாம் மாடியில் இருக்கும் எட்டு மேசைகளில் ஏதோ ஒன்றின் காதுக்கருவியில் விழும், பேசுகிறவர் முகம் மேசைத் திரையில் தெரியும். அந்த மேசைக்காரர் அடிக்க அடிக்க, எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவரின் திரையில் எழுத்து ஓடும். பதினோரு வருஷமாக மின்னலின் விரல்கள் பல பேருக்குக் காதாக இருந்திருக்கின்றன. இதில் தற்பெருமை எதுவும் இல்லை, நிலையத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இப்போது நிலையம் பழைய மென்பொருளைத் தூக்கிவிட்டுப் புதியதைக் கொண்டுவருகிறது. அதற்கு ஒரு தேர்வு வைத்தார்கள். திரையில் ஒரு மருத்துவர் பேசுவார். பதினைந்து நிமிடம், அறுநூறு சொல். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சரியாக இருந்தால் நேரலை மேசை. இல்லாவிட்டால் முதல் தேதியிலிருந்து கீழ்த்தளத்துப் பதிவு அறை. அங்கே யாரோ எப்போதோ பேசி முடித்ததை ஓட்டி ஓட்டிக் கேட்டு அடிக்கலாம். அவசரம் கிடையாது, மறுமுனையில் காத்திருக்கும் முகமும் கிடையாது. மின்னலுக்கு அந்த அறை வேண்டவே வேண்டாம்.

எட்டுப் பேரில் ஐந்து பேர் தேறவில்லை. ஐந்து பேரும் நிலையத்தின் வேகமான கைகள். தேறிய மூன்று பேரும் திரையை முறைத்துப் பார்த்தபடி ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி அடிப்பவர்கள். இது மேலாளருக்கு ஏன் விசித்திரமாகப் படவில்லை என்பதுதான் மின்னலுக்கு விசித்திரமாகப் பட்டது.

அவள் நேராக அவர் அறைக்குள் போனாள்.

“என் தாளைப் பாக்கணும் சார்.”

“உட்காரும்மா. பாத்து என்ன ஆகப்போகுது? வயசுன்னு ஒண்ணு இருக்குல்ல. எனக்கே இப்பெல்லாம் கண்ணாடி இல்லாம ஒண்ணும் முடியல.”

“எனக்கு நாப்பத்திரண்டு சார். கண்ணாடி போடல. தாளைக் குடுங்க.”

அவர் கொடுத்தார். நாற்பத்திரண்டு சிவப்புக் கோடுகள். வயதுக்கு ஒன்று வீதம் போட்டிருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டாள். மருத்துவர் ‘அவரை உட்கார வையுங்கள்’ என்றிருந்தார், தாளில் ‘அவை உட்கார வையுங்கள்’ என்று இருந்தது. ‘உடலைத் துடைத்துவிட்டு’ என்பது ‘உடைத் துடைத்துவிட்டு’ ஆகியிருந்தது. ‘மருந்தை’ இருக்க வேண்டிய இடத்தில் ‘மருந்’ வரை ஒழுங்காக வந்து, அப்புறம் புள்ளிகளால் ஆன ஒரு சின்ன வட்டம், அதன் இடப்பக்கம் ஆளில்லாத ஐகாரக் கொம்பு.

மின்னல் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். இப்படித் தப்புச் செய்ய அவளுக்குத் தெரியாது. அவசரத்தில் அவள் செய்யும் தப்புகள் வேறு மாதிரி இருக்கும், சொல் விட்டுப்போகும், பக்கத்து விசை விழும். இவை வேறு யாருடைய தப்புகளோ.

தாளை மடித்து எடுத்துக்கொண்டு மேசைக்குப் போய்ப் புது மென்பொருளைத் திறந்தாள். ‘அவர்’ என்று அடித்தாள். பேக்ஸ்பேஸை ஒரு தட்டு தட்டினாள்.

திரையில் ‘அவ’ என்று நின்றது.

பழைய மென்பொருளில் அதையே செய்தாள். ஒரே தட்டு. ‘அவர’ என்று நின்றது. புள்ளி மட்டும்தான் போயிருந்தது.

“அடப்பாவிங்களா” என்றாள், யாரிடமும் என்றில்லாமல். பக்கத்து மேசைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். தமிழ்ச் சொல் வாலில் வளர்கிறது. அவர், அவரை, அவருக்கு, அவரால். பேசுகிறவர் சொல்லின் கடைசிக்கு வருமுன்பே நேரலைக்காரரின் விரல் அதை ஊகித்து முடித்துவிடும். முடிக்காவிட்டால் எழுத்து பேச்சுக்குப் பின்னால் நொண்டும். ஊகம் தப்பினால் வாலை மட்டும் மாற்ற வேண்டும். ‘அவர்’ என்று அடித்தாயிற்று, பேசுகிறவர் ‘அவரை’ என்கிறார். ஒரு தட்டு, புள்ளி போகும். இன்னொரு தட்டு, ஐகாரக் கொம்பு வரும். அவர்கள் பயன்படுத்தும் விசைப்பலகையில் புள்ளிக்கும் கொம்புக்கும் காலுக்கும் தனித்தனி விசை உண்டு. ஆகவே இது யோசித்துச் செய்யும் காரியமே இல்லை, கண் பேசுகிறவரின் உதட்டில் இருக்கும்போது விரல் தானாகச் செய்வது. புது மென்பொருளிலோ அந்த ஒரு தட்டில் ‘ர்’ முழுவதும் போய்விடுகிறது. அடுத்து வரும் கொம்பு, பக்கத்தில் அகப்பட்ட ‘வ’வின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. ‘அவை’ என்று ஒரு நல்ல தமிழ்ச் சொல் பிறக்கிறது. யாரும் அதை எழுத்துப்பிழை என்று கண்டுபிடிக்கக்கூட முடியாது. ‘மருந்து’ என்றால் ‘து’ முழுவதும் போய், கொம்பு ஒட்ட இடமில்லாமல் தனியே நிற்கிறது.

மறுபடியும் மேலாளர் அறைக்குப் போய் இரண்டையும் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டு யோசித்தார். கெட்ட மனிதர் இல்லை. பிரச்சினையைப் பார்த்தால் அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட வேண்டும் என்று நினைக்கிறவர், அவ்வளவுதான்.

“சரிம்மா, புரியுது. ஒண்ணு பண்றேன். உனக்கு மட்டும் நாலு சதவீதம் கூட்டிப் போட்டுடறேன். தொண்ணூத்தேழு. யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்.”

“மத்த நாலு பேருக்கு?”

“எல்லாருக்கும் கூட்டினா தேர்வு எதுக்கு வெச்சோம்னு கேப்பாங்க.”

“அதைத்தான் சார் நானும் கேக்கறேன்.”

அவர் பேனாவை மூடினார். “அப்ப மறுதேர்வு எழுது. ஒரு வாரம் பழகிட்டு எழுது. வேற வழி இல்ல.”

“வியாழக்கிழமை பரிசீலனைக் கூட்டம் இருக்குல்ல. மென்பொருள் எழுதினவர் வர்றாரு, நம்ம எழுத்தைப் படிக்கிறவங்க சார்புல தையல்காரம்மாவும் வர்றாங்க. அந்தக் கூட்டத்துக்கு நான் அடிக்கிறேன். புது மென்பொருள்லயே அடிக்கிறேன்.”

“தேறாத ஆளு எப்படிம்மா?”

“முதல் தேதி வரைக்கும் நான் நேரலைதான் சார். பலகையில நீங்களே ஒட்டியிருக்கீங்க.”

அன்று சாயங்காலம் சமையலறை மேசையில் புது மென்பொருள் ஏற்றிய மடிக்கணினியையும் பழைய மாதிரி அழிக்கும் தொலைபேசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். லாரி ஓட்டும் வீட்டுக்காரர் அன்று வீட்டில் இருந்தார். சட்டியில் வெங்காயத்தை வதக்கிக்கொண்டே அவர் எட்டிப் பார்த்தார்.

“என்ன, அடிச்சு அடிச்சு அழிச்சுக்கிட்டே இருக்க?”

“இங்க பாருங்க. ‘ரிக்ஷா’ன்னு அடிச்சிருக்கேன். இதுல அம்புக்குறியைத் தட்டினா கர்சர் ‘க்ஷ’வோட நடு வயித்துல நிக்குது. அதுல தட்டினா ஒரே தாவா அந்தப் பக்கம் போயிடுது. இதுல ஒரு தட்டுக்குக் கால் மட்டும் போகுது. அதுல ‘க்ஷா’ மொத்தமா போகுது.”

“ரெண்டும் ஒரே தமிழ்தானே?”

“ஒரே தமிழ்தான். எழுதினவன் வேற.”

அவர் தீயைக் குறைத்தார். “வண்டிக்கு வண்டி கிளட்ச் வேறதான் இருக்கும். ஒண்ணு மேலேயே பிடிக்கும், ஒண்ணு அடிவரைக்கும் மிதிக்கணும். நாங்கெல்லாம் பழகிக்கலியா? ஒரு வாரம் பழகினா வந்துடும். மறுதேர்வு எழுதிட்டு வந்து சேரு.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது. அவளே ஒரு மணி நேரம் பழகிப் பார்த்தாள். திரையைப் பார்த்துக்கொண்டு, பேக்ஸ்பேஸ் தட்டியதும் ‘ர’வைத் திரும்ப அடித்து, அப்புறம் கொம்பைப் போட்டாள். வந்தது. ஒரு வாரத்தில் விரலுக்கும் படிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு வாலுக்கும் ஒரு தட்டு கூடுதல். ஒரு மணி நேரப் பேச்சில் அது எத்தனை நூறு தட்டு. அந்தத் தட்டுகள் எல்லாம் சேர்ந்து, மறுமுனையில் காத்திருப்பவரிடமிருந்து அரை வாக்கியத்தைப் பிடுங்கிக்கொள்ளும். தவிரவும், சில ஆஸ்பத்திரிகளுக்கு அவர்களுடைய இணையப் பக்கத்திலேயே நேராக அடிக்க வேண்டும், அங்கே பழைய வழக்கம், நிலையத்தில் புது வழக்கம். ஒரே நாளில் இரண்டு கை வேண்டும்.

“ஓடுற வண்டியில உக்காந்திருக்கப்ப கிளட்ச்சை மாத்தி வெச்சுட்டு, மோதினதுக்கு உங்க மேல எழுதினா ஒத்துக்குவீங்களா?” என்று கேட்டாள்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். “ஒத்துக்க மாட்டேன்” என்றார்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கூட்டம். நீள மேசை, சுவரில் பெரிய திரை. மேலாளர் மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்தார். அவருக்கு வலப்பக்கம் மென்பொருள் எழுதியவர், முப்பது வயதுக்கு மேல் இருக்காது, கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தார். எதிரே தையல்காரம்மா. சொந்தத் தையல் கடை வைத்திருக்கிறார், முப்பது வயதில் காய்ச்சல் வந்து காது போனவர். நிலையத்தின் சேவையைப் பெறுகிறவர்கள் சார்பில் குழுவில் இருப்பவர். பேச்சு கணீரென்று இருக்கும், தன் குரல் தனக்கே கேட்காததால் கொஞ்சம் அதிகமாகவே கணீரென்று இருக்கும். மற்றவர்கள் பேசுவதை அவர் சுவர்த்திரையில்தான் படிப்பார்.

மின்னல் ஓரத்து மேசையில் காதுக்கருவியை மாட்டினாள். நாலு பேர் பார்க்க, தப்பும் தவறுமாக அடிக்கப் போகிறாள். பதினோரு வருஷத்தில் சேர்த்த பேர் அரை மணி நேரத்தில் சுவரில் கிழிந்து தொங்கலாம். திரையைப் பார்க்கக் கூடாது, விரலைத் திருத்தக் கூடாது, எப்போதும் போல அடிக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மென்பொருள்காரர் ஆரம்பித்தார். “பயனரைக் கேட்டுத்தான் இதை வடிவமைச்சோம். புதுசா தமிழ் அடிக்கப் பழகறவர்களை உக்கார வெச்சு சோதிச்சோம்.”

சுவரில் ‘பயனைக் கேட்டுத்தான் இதை வடிவமைச்சோம்’ என்று வந்தது. தையல்காரம்மா புருவத்தைச் சுருக்கினார்.

மேலாளர் மின்னலைக் காட்டிச் சொன்னார். “ஒரு புகார் வந்திருக்கு. இவரைப் பத்திச் சொல்லணும்னா, தேர்வுல தேறல. அவரைக் கூப்பிட்டு ஒரு வாய்ப்பும் குடுத்தோம்.”

‘இவைப் பத்திச் சொல்லணும்னா, தேர்வுல தேறல. அவைக் கூப்பிட்டு ஒரு வாய்ப்பும் குடுத்தோம்.’

“யாருங்க தேறல?” என்று தையல்காரம்மா கேட்டார். “இவைன்னா எவை? மேசை நாற்காலியெல்லாமா தேர்வு எழுதுச்சு?”

மேலாளர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது. “மின்னல், வேணும்னே பண்றியா?”

மின்னல் அந்தக் கேள்வியையும் அடித்து முடித்தாள். பேசுகிறவர் யாராக இருந்தாலும், என்ன பேசினாலும் அடிக்க வேண்டும் என்பது வேலையின் முதல் விதி. அப்புறம் காதுக்கருவியைக் கழற்றினாள். இனி தான் பேசுவதையே அடித்துக்கொண்டு பேச வேண்டும். அதையும் செய்தாள்.

“வேணும்னே பண்ணல சார். பதினோரு வருஷமா எப்படி அடிச்சேனோ அப்படியேதான் அடிக்கிறேன். தேர்வுலயும் இப்படித்தான் அடிச்சேன்.”

தையல்காரம்மா திரையைப் படித்துவிட்டு அவளையே பார்த்தார். “உங்க எழுத்தை நான் எத்தனை வருஷமா படிக்கிறேன். இப்படி வந்ததே இல்லையே. என்ன ஆச்சு?”

மின்னல் எழுந்து போய் சுவருக்குப் பக்கத்தில் நின்றாள். வாசலில் காத்திருந்த பக்கத்து மேசைக்காரி வந்து விசைப்பலகையில் உட்கார்ந்தாள், அவளும் தேறாத ஐவரில் ஒருத்திதான். ‘அவர்’ என்று அடிக்கச் சொல்லி, ஒரு தட்டுத் தட்டச் சொல்லி, இரண்டு மென்பொருளிலும் நடப்பதை மின்னல் காட்டினாள்.

மென்பொருள்காரர் தலையாட்டினார். அவருக்கு இது புதுசில்லை. “இது பிழை இல்ல மேடம். முடிவு எடுத்துச் செஞ்சது. நீங்க பாக்கிறது ஒரு எழுத்து, ‘ர்’. கணினிக்குள்ள கிடக்கிறது ரெண்டு துண்டு. ‘ர’ ஒரு துண்டு, புள்ளி ஒரு துண்டு. திரையில வரையறப்ப ஒட்டி வரையுது. அம்புக்குறியைத் தட்டினா கர்சர் முழு எழுத்தைத் தாண்டுது. டிலீட் தட்டினா முன்னால இருக்கிற முழு எழுத்து போகுது. பேக்ஸ்பேஸ் மட்டும் ஏன் அரை எழுத்தை விட்டு வைக்கணும்? ‘கோ’வை அழிச்சா ‘க’ நிக்குதே, ஏன்னு கேட்டாங்க பழகறவங்க.”

“அப்படிச் செய்யணும்னு எங்கயாவது விதி இருக்கா?”

அவர் நேர்மையாக யோசித்தார். “இல்ல. எழுத்தோட எல்லை எங்கன்னு கண்டுபிடிக்கப் பொதுவா ஒரு வழிமுறை இருக்கு. பேக்ஸ்பேஸ் எவ்வளவு அழிக்கணும்ங்கிறதை எழுதறவன்கிட்ட விட்டுட்டாங்க. அதனாலதான் ஒவ்வொரு மென்பொருள்லயும் ஒவ்வொரு மாதிரி.”

“அப்ப என் தேர்வுல நான் தேறினதும் தேறாததும் நீங்க எடுத்த முடிவு.”

மென்பொருள்காரர் முன்னால் குனிந்தார். விட்டுக்கொடுக்கிற ஆளாகத் தெரியவில்லை.

“மேடம், உங்க பழைய மென்பொருளும் ஒழுங்கு கிடையாது. இதைப் பாருங்க.” அவர் பழையதில் ஒரு பெயர்ப் பட்டியலைத் திறந்து, ஒரு ‘கொ’வின் பின்னால் கர்சரை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். ‘கெ’ நின்றது. கீழே தானே ஒரு ‘கொ’ அடித்துத் தட்டினார். ‘க’ நின்றது. “பாக்க ரெண்டும் ஒண்ணுதான். ஒண்ணுல கால் மட்டும் போகுது, ஒண்ணுல கொம்பும் காலும் சேர்ந்து போகுது. இதுல எந்தப் பழக்கத்தை நான் காப்பாத்தறது?”

“பட்டியல்ல இருக்கிறது யாரோ கொம்பைத் தனியா, காலைத் தனியா அடிச்சது” என்றாள் மின்னல். “உள்ள ரெண்டு குறியா கிடக்கு. நீங்க இப்ப அடிச்சது ஒரே விசை, ஒரே குறி. அதனால ஒரே தட்டுல போகுது.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “இது எப்படி உங்களுக்குத் தெரியும்?”

“அந்தப் பட்டியல்ல பேரைத் திருத்தறப்பெல்லாம் விரல் இடறும். ஏன் இடறுதுன்னு ஒரு நாள் உக்காந்து பாத்தேன்.”

“புதுசுல ரெண்டையும் ஒரே குறியா மாத்தி வெச்சுட்டேன்.”

“அது நல்ல வேலை. அதை யாரும் குறை சொல்லல.” மின்னல் மேசையில் கையை ஊன்றினாள். “அம்புக்குறி முழு எழுத்தைத் தாண்டட்டும். டிலீட் முழுசா அழிக்கட்டும். அது ஏற்கெனவே எழுதி நிக்கிறதை எடுத்துப் போடறது. பேக்ஸ்பேஸ் அப்படி இல்ல. அது நான் இப்ப பண்ணினதைத் திரும்ப எடுத்துக்கிறது. நான் கடைசியா அடிச்சது புள்ளி. புள்ளியைத்தான் திரும்ப எடுத்துக்கணும். நான் கேக்காத ‘ர’வை எடுக்க அதுக்கு யாரு அதிகாரம் குடுத்தது?”

சுவரில் இதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசைக்காரி அடித்ததிலும் இரண்டு இடம் உடைந்துதான் இருந்தது. தையல்காரம்மா விரலால் காற்றில் கோடு போட்டு வாசித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

“தம்பி, ஒரு தையல் தப்பா விழுந்தா நான் ஒரு தையலைத்தான் பிரிப்பேன். நீங்க கையையே வெட்டிப் போட்டுட்டு, புதுக் கை தைச்சுக்கோங்கறீங்க. சட்டைக் கையைச் சொல்றேன்.”

மென்பொருள்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அவர் செய்ததை மின்னல் எதிர்பார்க்கவில்லை. தேர்வின்போது ஒவ்வொரு விசைத்தட்டும் வரிசையாகப் பதிவாகியிருக்கிறது என்று சொல்லி, தன் மடிக்கணினியில் அந்தப் பதிவைத் திறந்தார். பேக்ஸ்பேஸ் ஒரு துண்டை மட்டும் அழித்தால் என்ன வந்திருக்கும் என்று மின்னலின் தட்டுகளை அப்படியே மறுபடி ஓட்டினார். சுவரில் மருத்துவரின் பேச்சு ஓடியது. ‘அவரை உட்கார வையுங்கள்.’ ‘உடலைத் துடைத்துவிட்டு.’ ‘மருந்தை.’ நாற்பத்திரண்டு தப்பில் நான்குதான் மிஞ்சின. அந்த நான்கும் மின்னலுக்கு அடையாளம் தெரிந்தன, எல்லாம் அவளுடைய சொந்தத் தப்புகள்.

“தொண்ணூத்தொன்பதுக்கு மேல” என்றார் மென்பொருள்காரர். அவர் குரல் இறங்கியிருந்தது. “எங்க சோதனையில நேரலைல வேகமா அடிக்கிறவங்க ஒருத்தர்கூட இல்ல. அது என் தப்பு. ரெண்டு வழக்கத்தையும் வெச்சு, எது வேணும்னு அவங்களே தேர்ந்தெடுக்கிற மாதிரி பண்ணித் தரேன். மத்த நாலு பேரோட பதிவையும் ஓட்டிப் பாத்துடறேன்.”

அங்கேயே ஓட்டிப் பார்த்தார், நான்கு பேரும் தேறினார்கள். பக்கத்து மேசைக்காரி காதுக்கருவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மின்னல் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

இருபத்தொன்பதாம் தேதி மத்தியானம், திருத்திய மென்பொருள் எட்டு மேசைக்கும் மேலாளர் கணினிக்கும் வந்திருந்தது. மேலாளர் மின்னலைக் கூப்பிட்டார். சந்தோஷமாகத்தான் கூப்பிட்டார். பலகையில் ஒட்டப்போகும் புதுத் தாள் அவர் திரையில் திறந்திருந்தது.

“பாரும்மா. அஞ்சு பேருக்கும் சரி பண்ணியாச்சு.”

நான்காம் மேசைக்கு நேரே ‘99 சதவீதம், மறுதேர்வில் தேர்ச்சி’ என்று இருந்தது. மற்ற நான்கு வரிகளிலும் அதே ‘மறுதேர்வில் தேர்ச்சி’தான்.

“நான் மறுதேர்வு எழுதல சார்.”

“தெரியும்மா. ஒரு வார்த்தைதானே. அப்படிப் போட்டாத்தான் மேல கேள்வி வராது. முதல்ல வெச்ச தேர்வே தப்புன்னு நாமளே எப்படி எழுதி ஒட்டறது?”

“நாங்க ஒருதடவைதான் எழுதினோம். அந்த ஒருதடவையிலயே தேறினோம். நாளைக்கு யாராவது இந்தத் தாளைப் பாத்தா, அஞ்சு பேரும் முதல்ல விழுந்துட்டு அப்புறம் எழுந்தாங்கன்னுதான் நினைப்பாங்க.”

“உனக்கு இடம் கிடைச்சுடுச்சு. நேரலைலயே இருக்கப் போற. இன்னும் என்ன?”

“இடத்தை நீங்க குடுக்கல சார். அது என்னோடதா இருந்துச்சு.”

மேலாளர் பெருமூச்சு விட்டார். அவர் பதிலுக்கு ஏதோ சொல்ல வாயைத் திறந்தபோது, மின்னல் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவர் தடுக்கவில்லை. தடுத்திருந்தாலும் அவள் விட்டிருக்க மாட்டாள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

கர்சரை ‘மறு’வுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். அவசரப்படவில்லை. அவள் ஒரு விசையை இவ்வளவு நிதானமாகத் தட்டி அந்த நிலையத்தில் யாரும் பார்த்ததில்லை. முதல் தட்டில் உகரம் போனது, ‘மற’ நின்றது. இரண்டாவதில் ‘ற’ போனது. மூன்றாவதில் ‘ம’ போனது. போன வாரம் என்றால் இரண்டே தட்டில் முடிந்திருக்கும்.

‘தேர்வில் தேர்ச்சி’ என்று நின்றது. கீழே இறங்கி மற்ற நான்கு வரிகளிலும் மும்மூன்று தட்டுத் தட்டினாள். அச்சிடும் விசையையும் அவளே அழுத்தி, தாளை எடுத்துக்கொண்டு போய்ப் பலகையில் ஒட்டினாள்.